மகரக்கட்டு உடையும் வயதில் ஒரு பையனும் ஆறு கட்டைச் சுருதியும்

நான் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 31 பிள்ளைகள் கொண்ட ஒரு பாட்டுக்குழு எங்களுக்கு உண்டு. காலை வழிபாடு, சுதந்திர தினம், பிப்ரவரியில் ஆண்டு விழா, இவைதான் எங்கள் மேடைகள். ஒரு ஆர்மோனியம், ஒரு சுருதிப்பெட்டி, ஒரு டோலக். இந்தக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஜூனுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறியபோது நடந்ததையும், அதில் நான் செய்த தவறுகளையும், கடைசியில் ஓரளவு சரியாக வந்ததையும் எழுதி வைக்கிறேன். பையனின் பெயர் வேண்டாம்.

முதலில் அளவு சொல்லும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் முதல் வெள்ளைக் கட்டையை 'நடு 1' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள ஸ்தாயி கட்டைகள் 'கீழ் 1' முதல் 'கீழ் 7' வரை, மேலே உள்ளவை 'மேல் 1' முதல். கறுப்புக் கட்டைகள் அரை. பெண்கள் ஐந்து கட்டை என்றால் அவர்களின் ஷட்ஜம், அதாவது 'ஸ', கீழ் 5. ஆண்கள் ஒரு கட்டை என்றால் ஷட்ஜம் கீழ் 1. எங்கள் குழுவுக்குப் பல வருஷமாக ஆறு கட்டை, அதாவது ஷட்ஜம் கீழ் 6. ஏன் ஆறு என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் அப்படி வைத்திருந்தார், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஜூனில் இருந்த குரல்

ஜூன் மாதம் அந்தப் பையனின் குரல் கீழ் 6-லிருந்து மேல் 4 வரை தடையில்லாமல் போனது. ஆண்டு விழாவுக்காக எடுத்த பாட்டு மோகன ராகத்தில் இருந்தது. ஷட்ஜத்தில் தொடங்கி, சரணத்தில் ஒரே ஒரு இடத்தில் தார காந்தாரத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் 'க'-வைத் தொடும். ஆறு கட்டையில் அந்தக் காந்தாரம் மேல் 1½. அந்த ஒரு வரியை அவன் தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. பாட்டை எடுத்ததே அந்த வரிக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆகஸ்டு கடைசியில் அந்தக் காந்தாரம் மெலிந்தது. எட்டிப் பிடிக்கிறான், ஆனால் கழுத்து நரம்பு புடைக்கிறது. செப்டம்பரில் ஒரு நாள் அந்த இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. பின்வரிசையில் சிரிப்பு. "ஜலதோஷமாடா?" என்று கேட்டேன். "இல்ல சார், ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்கு" என்றான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். பால் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். வளர்ச்சியைப் பனங்கற்கண்டு நிறுத்தாது.

நடந்தது இதுதான். இந்த வயதில் பையன்களுக்குக் குரல்வளையின் குருத்தெலும்பு முன்னோக்கி வளர்கிறது, கழுத்தில் அது முட்டிக்கொண்டு தெரிகிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் ஏறக்குறைய அறுபது சதவீதம் வரை நீளுகின்றன, தடிமனும் ஆகின்றன. வீணையில் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டு அதைவிட நீளமான, தடித்த தந்தியைக் கட்டினால் பழைய முறுக்குக்குப் பழைய ஸ்வரம் பேசாது அல்லவா? பையனுக்கு இன்னும் ஒரு கஷ்டம், அந்தத் தந்தி தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த ஸ்வரத்துக்கு இவ்வளவு இழுப்பு என்று அவன் தசைகள் ஏழெட்டு வருஷமாகப் பழகிய கணக்கு தப்பிப்போகிறது. குரல் உடைவது அந்தக் கணக்குப் பிழைதான். குரல் 'கெட்டுப்போனதாக' அதற்கு அர்த்தமில்லை.

பெண் பிள்ளைகளுக்கும் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களுக்கு நாண் கொஞ்சம்தான் நீளும், குரல் ஆர்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மூன்று கட்டை அளவுக்கு இறங்கும். ஆனால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு நாண்களின் பின்பகுதி முழுக்க மூடாமல் ஒரு சிறு இடைவெளி நிற்பதால் காற்று கலந்த குரலாகக் கேட்கும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை "வாயைத் திறந்து சத்தமாப் பாடும்மா" என்று நான் விரட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கழுத்தை இறுக்கிச் சத்தம் கொடுக்கப் பழகிக்கொண்டதுதான் மிச்சம்.

நான் முதலில் செய்தது

அக்டோபரில் அவனைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றேன். அந்த வரியை ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொடுத்தேன். எனக்கு அது கருணையாகத்தான் பட்டது. அடுத்த வாரம் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. விளையாட்டு மைதானத்தில் இருந்தான். அதே தொண்டையை வைத்துக் கபடியில் கத்திக்கொண்டிருந்தான். ஓய்வு என்று நான் நினைத்தது ஓய்வாக இல்லை.

அவன் அம்மா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். "மகரக்கட்டு உடையிற நேரத்துல பாடினா ஆயுசுக்கும் குரல் போயிடும்னு எங்க மாமனார் சொல்றாரு சார். நெசமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது நம் ஊரில் மட்டும் இருக்கும் நம்பிக்கை இல்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. குரல்வளையைக் கண்ணாடி வைத்துப் பார்த்த மானுவேல் கார்சியா என்ற 19-ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஆசிரியரும் மாற்றம் முடியும்வரை பாட வேண்டாம் என்ற கட்சிதான். பையன்களே நடித்த நம் அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு உடைந்த பையனுக்குப் பாட்டு வேஷம் கைவிட்டுப் போனது. அது வைத்தியக் கணக்கல்ல, டிக்கெட் கணக்கு. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜான் குக்ஸி என்பவர் பள்ளிப் பையன்களின் குரலைத் தொடர்ந்து அளந்து, மாற்றம் படிப்படியாக நடக்கிறது, ஒவ்வொரு படியிலும் பாடக்கூடிய ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் பாடலாம் என்று காட்டினார். பெரும்பாலும் 12, 13 வயதில் தொடங்கி, 13, 14-ல் வேகமெடுத்து, பிறகு மெல்ல அடங்கும். குரல் முழுக்க நிலைக்க 17, 18 ஆகலாம். ஆக, ஓய்வு என்றால் எவ்வளவு நாள் ஓய்வு? பள்ளிப் படிப்பே முடிந்துவிடும்.

பாடுவதால் கெடாது, எல்லையைத் தாண்டித் தள்ளினால்தான் கெடும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அப்புறம் அந்த எல்லை எது என்று பார்க்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு நிமிடச் சோதனை

நவம்பரில் மழையால் மைதானம் மூடிக் கிடந்த ஒரு வாரத்தில் 31 பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அதனால் நூலக அறை. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

முதலில் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன். பின்னோக்கி எண்ணும்போது பிள்ளையின் கவனம் எண்ணில் இருக்கும், குரலை அலங்கரிக்க மறந்துவிடும். பத்து, ஒன்பது வரும்போது அவன் எந்த ஸ்வரத்தில் பேசுகிறான் என்று ஆர்மோனியத்தில் தேடுவேன். பேசும் ஸ்வரத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாக மூன்று நான்கு கட்டை கீழேதான் பொதுவாகப் பாடும் குரலின் அடி இருக்கும். பிறகு பேசும் ஸ்வரத்திலேயே 'லா' சொல்லச் சொல்லி ஒவ்வொரு கட்டையாக இறங்குவேன், சத்தம் கரகரவென்று தேய்கிற இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்வேன். மேலே போகும்போது 'ஊ' என்று மெல்லிசாக. முகம் சுளித்தாலோ தாடை முன்னால் வந்தாலோ எல்லை அதுதான், அந்த ஸ்வரம் வந்தாலும் கணக்கில்லை.

எங்கள் பையன் வந்தான். "சார், நான்தான் பாடலையே" என்றான். "பாட வேண்டாம், எண்ணு" என்றேன். இருபது, பத்தொன்பது என்று எண்ணினான். ஜூனில் நடு 1 பக்கத்தில் பேசியிருப்பான். இப்போது கீழ் 4. இறங்கினோம். கீழ் 3, கீழ் 2½, கீழ் 2. அதற்குக் கீழே காற்று. மேலே நடு 4½ வரை வந்தான். ஆனால் நடு 2-க்கும் நடு 3-க்கும் இடையில் ஒரு விநோதம், ஒரு முறை வந்த ஸ்வரம் அடுத்த முறை வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, மூச்சு போகிறது, சத்தம் இல்லை. "நடுவுல ஆள் இல்லாத ரயில்வே கேட் மாதிரி இருக்கு சார்" என்றான். நான் சிரித்துவிட்டேன். அக்டோபருக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

31 பேரில் நான்கு பையன்களுக்கு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இவனைப் போலவே இன்னொருவன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஏறக்குறைய முடிந்து, கீழ் 1-க்கும் கீழே அரைக் கட்டை இறங்கினான், மேலே நடு 2½-இல் நின்றுவிட்டான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்போதுதான் தொடக்கம், கீழ் 5½-லிருந்து மேல் 1 வரை.

கணக்குப் போட்டுப் பார்த்தது

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஆறு கட்டையின் வினை புரிந்தது. எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கீழ் 2 முதல் நடு 4½ வரை உண்டு. பாட்டு கீழ் 6 முதல் மேல் 1½ வரை. தார ஷட்ஜமே அவன் எல்லைக்குக் கறுப்பும் வெள்ளையுமாக மூன்று கட்டை மேலே. சரி, ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடச் சொல்வோம் என்றால் ஷட்ஜம் கீழ் 1-க்கும் கீழே போய்விடுகிறது. அவனுக்கு ஸ, ரி, க மூன்றும் கிடையாது. மோகனத்தின் ஐந்தில் மூன்று போய்விட்டால் மிச்சம் என்ன பாட்டு? பெரியவர்கள் "கீழ் ஸ்தாயியில பாடுடா" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். மாற்றம் முடிந்த பையனுக்குத்தான் கீழ் ஸ்தாயி உண்டு. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு ஸ்தாயியும் பாதிப் பாதி.

அடுத்து, மொத்தக் குழுவையும் நான்கு கட்டைக்கு இறக்கிப் பார்த்தேன். இரண்டு நாள்தான். சின்னப் பிள்ளைகளின் குரலுக்கு அடி கீழ் 6, ஷட்ஜமோ கீழ் 4-இல். பல்லவி முழுக்க முணுமுணுப்பு. இவனுக்கோ தார ஷட்ஜம் நடு 4, எல்லையின் விளிம்பில். 27 பேரின் குரலை அணைத்தும் இவனுக்கு உதவவில்லை. சுருதியைக் கொஞ்சமாக இறக்குவதுதான் நம்மில் பலருக்குக் கை போகும் முதல் வழி. அது யாருக்கும் உதவாத வழி என்றே இப்போது நினைக்கிறேன்.

பயன்பட்டவை இரண்டு. ஒன்று, பாட்டை ஆறு கட்டையிலேயே விட்டுவிட்டு இந்தப் பையன்களுக்குத் தனியாக ஒரு வரி. மந்தர பஞ்சமம், தைவதம், ஷட்ஜம், ரிஷபம், நான்கே ஸ்வரம். ஆர்மோனியத்தில் கீழ் 3-லிருந்து கீழ் 7. இவனுக்கும் இவன் ஜோடிக்கும் பத்தாம் வகுப்புக்காரனுக்கும் இது வசதியான இடம், உடையும் இடத்தின் பக்கமே போகாது. பல்லவியின் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் அந்த நான்கு ஸ்வரத்தில் ஒரு சின்னச் சுழற்சி, பாட்டின் முதல் இரண்டு வார்த்தைகளை வைத்தே. நம் சேர்ந்திசையில் எல்லாரும் ஒரே வரியைப் பாடிப் பழக்கம், ஆகவே முதலில் இழுபறிதான். பையன்கள் மற்றவர்களின் வரியில் போய் விழுந்துவிடுவார்கள். டோலக்குக்குப் பக்கத்தில் தனியாக நிறுத்தி, அவர்கள் சுழற்சியை முதலில் தொடங்கிவிட்டு அதன்மேல் மற்றவர்களை நுழையச் செய்த பிறகு நின்றார்கள். மூன்று வாரம் பிடித்தது.

இரண்டாவது, ஆண்டு விழாவின் அடுத்த பாட்டை மாற்றியது. ஒரே ஸ்தாயிக்குள், ஷட்ஜத்திலிருந்து தார ஷட்ஜம் வரை மட்டும் போகும் ஒரு பாட்டை எடுத்து, இரண்டு கட்டை வைத்தேன். சின்னப் பிள்ளைகளும் பெண்களும் நடு 2-லிருந்து மேல் 2 வரை, மாறிய பையன்கள் அதே பாட்டை ஒரு ஸ்தாயி கீழே, கீழ் 2-லிருந்து நடு 2 வரை. நவம்பர் எண்களைத் திரும்பப் பாருங்கள், மூன்று பேருக்கும் அப்படியே பொருந்தும். ஆண்களின் சுருதி என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இரண்டு கட்டை, பிள்ளைகள் மேல் ஸ்தாயியில் பாடினால் அவர்களுக்கும் நல்ல சுருதி.

ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆறு கட்டையில் மார்புக் குரலில் கத்திப் பழகிய பிள்ளைகள் மேல் 1, மேல் 2-ஐயும் அதே வேகத்தில் தாக்குவார்கள். தொண்டை கட்டும். மேலே போகப் போகச் சத்தத்தைக் குறைத்து மெல்லிசாக விடச் சொல்லித்தர ஒரு மாதம் ஆனது. காற்றுக் குரல் என்று சொன்னேனே, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இது எளிதாக வந்தது. அவளை விரட்டுவதை அன்றோடு விட்டேன்.

பயிற்சியாக அந்தப் பையன்களுக்குக் கொடுத்தது ஒன்றுதான். 'ஊ' என்று மேலே மெல்லிய கள்ளக்குரலில் தொடங்கி, வழுக்கிக்கொண்டு கீழே வருவது. அந்த ரயில்வே கேட்டைக் கடக்கும்போது குரல் உடைந்தால் உடையட்டும், நிறுத்தாமல் இறங்கு. தினம் ஐந்து நிமிடம். கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு ஏறச் சொன்னால் இறுக்கம்தான் வரும். குரல் சீக்கிரம் கனக்கட்டும் என்று விடியற்காலையில் மந்தர ஸ்தாயி சாதகம் செய்யச் சொல்பவர்களும் உண்டு. வளர்ந்த குரலுக்கு அது நல்ல பயிற்சியாக இருக்கலாம். இன்னும் வளராத ஸ்வரத்தை அழுத்தி வரவழைக்கப் பார்ப்பது வேறு விஷயம்.

குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, பாடும்போது வலித்தாலோ மகரக்கட்டுதான் என்று விட்டுவிடக் கூடாது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. உடம்பெல்லாம் வளர்ந்து, மீசை அரும்பி, 16, 17 வயதாகியும் கீச்சுக்குரலிலேயே பேசும் பையன். பல நேரம் அவன் குரல்வளை வளர்ந்துதான் இருக்கும், பழைய உயரத்தில் பேசும் பழக்கம் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இருமச் சொன்னால் அந்த இருமலில் ஆண் குரல் கேட்கும். பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால் பெரும்பாலும் சில அமர்வுகளில் சரியாகிவிடும். இவனைக் கேலி செய்து அனுப்பாமல் இருப்பதும், பெற்றோரிடம் விவரம் சொல்வதும்தான் பாட்டு வாத்தியார் செய்யக்கூடியது.

பிப்ரவரி

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நான்கு பேரையும் திரும்ப அளந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் கீழ் 1½-க்கு வந்துவிட்டான், மேலே நடு 3-க்குச் சுருங்கிவிட்டது. நவம்பர் எண்ணை நம்பியிருந்தால் தப்பாகியிருக்கும். இந்த வயதில் ஒரு அளவு ஆறு வாரத்துக்கு மேல் செல்லாது. நல்லவேளை, இரண்டு பாட்டுமே இன்னும் அவன் எல்லைக்குள் இருந்தன. நடு 2-இல் ஒரு இடத்தில் அவனுக்குச் சந்தேகம் இருந்தது. "அங்க வந்தா பாடு, வரலைன்னா மூச்சு வாங்கு, மத்த ரெண்டு பேரும் இருக்காங்க" என்று ஏற்பாடு.

மேடையில் அந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. மைக் கொஞ்சம் தள்ளி இருந்தது, டோலக் சத்தம் வேறு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவன் மட்டும் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினான், அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

ஏழாம் வகுப்புப் பையன் விஷயத்தில் எனக்கு வழி கிடைக்கவில்லை. முதல் பாட்டில் தார காந்தாரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களோடு பாடினான். இரண்டாம் பாட்டில் மேலே நிஷாதமும் தார ஷட்ஜமும் கிடையாது, கீழ் ஸ்தாயியோ இன்னும் திறக்கவில்லை. அந்த ஸ்வரங்களில் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். நான் சொல்லவில்லை, அவனாகவே கண்டுபிடித்துக்கொண்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் முதலில் அளக்க வேண்டிய பெயர் அவனுடையது. நோட்டில் அவனுக்கு நேரே ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.